ஓவர்டைம் கணக்கைத் தணிக்கை செய்வதும் கண்டறிந்ததைப் பையர் பின்தொடர்வதும்: ஆடைத் தொழிற்சாலைகளுக்கான முழுமையான வழிகாட்டி

ஆடை ஏற்றுமதித் தொழிற்சாலைகளில் நடக்கும் தொழிலாளர் நிலைத் தணிக்கைகளில், அதாவது தொழிலில் எல்லோரும் சோஷியல் ஆடிட் என்று அழைக்கும் வேலையில், தீயணைப்புக் கருவியையும் அவசர வழியையும் முதலுதவிப் பெட்டியையும் சரிபார்ப்பது பெரிய வித்தையன்று. குறை இருந்தால் கண்ணுக்குத் தெரியும். தெரிந்தபின் சில வாரங்களில் சரிசெய்துவிடவும் முடியும். வேலை நேரமும் கூலியும் அப்படியல்ல. அவை காகிதத்தில் மட்டுமே இருப்பவை, காகிதத்தை எப்படி வேண்டுமானாலும் எழுதலாம். அறிக்கைகளில் அதிகம் பேசப்படுவதும் அதிகம் மறைக்கப்படுவதும் இந்த ஒன்றுதான் என்பதால், இந்த வழிகாட்டி இதை மட்டும் எடுத்துக்கொண்டு, தணிக்கைக்கு முந்தைய ஏற்பாட்டிலிருந்து பையர், அதாவது ஆடைகளை வாங்கும் நிறுவனம், அந்தக் குறையை மூடும் வரை படிப்படியாகச் செல்கிறது.

உதாரணமாகத் திருப்பூரில் 420 பேர் வேலை செய்யும் ஒரு பின்னலாடை யூனிட்டை வைத்துக்கொள்வோம். கணக்கை விளக்குவதற்காக அமைத்துக்கொண்ட யூனிட் இது. ஆனால் அதில் வரும் நடைமுறைகள் ஊரில் யாருக்கும் புதியவை அல்ல. தையல் பிரிவில் 100 டெய்லர்களும், அவர்களுக்கு உதவும் கைமடி, செக்கிங் வேலைகளில் 60 பேரும் ஷிப்ட் கூலிக்கு வேலை செய்கிறார்கள். கணக்கு எளிதாக இருக்க, எல்லோருக்கும் சராசரியாக ஒரு ஷிப்ட்டுக்கு 480 ரூபாய் என்று கொள்வோம்.

சிக்கல் எங்கே இருக்கிறது

திருப்பூரில் ஷிப்ட் என்பது 8 மணி நேரம். கப்பல் தேதி நெருங்கும்போது ஓடுவது ஒன்றரை ஷிப்ட், அதாவது காலை எட்டரைக்கு உள்ளே வந்தவர் இடைவேளைகள் போக 12 மணி நேரம் வேலை செய்துவிட்டு இரவில் வெளியே போவது. அந்தக் கூடுதல் 4 மணி நேரத்துக்கு அரை ஷிப்ட் கூலி, நம் கணக்கில் 240 ரூபாய், கொடுக்கப்படும். வாங்குபவருக்கும் கொடுப்பவருக்கும் இது நியாயமான கணக்காகவே தோன்றும். பல ஆண்டுப் பழக்கம் அது. ஆனால் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் ஓவர்டைமுக்கு இருமடங்கு கூலி தர வேண்டும் என்றது; அதன் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் அதையே சொல்கின்றன. ஒரு மணி நேரக் கூலி 60 ரூபாய் என்றால் ஓவர்டைம் மணிக்கு 120 ரூபாய், 4 மணி நேரத்துக்கு 480 ரூபாய். ஆக ஒவ்வோர் அரை ஷிப்ட்டிலும் தொழிலாளிக்கு 240 ரூபாய் குறைகிறது.

ஒருவர் மாதத்தில் 15 நாள் ஒன்றரை ஷிப்ட் பார்த்தால் குறையும் தொகை 3,600 ரூபாய். அதோடு நேர வரம்பும் மீறப்படுகிறது. பையர்களின் நடத்தை விதிகளில் பெரும்பாலானவை வாரத்துக்கு 48 மணி நேரமும் 12 மணி நேர ஓவர்டைமும் சேர்த்து 60-ஐத் தாண்டக்கூடாது என்றும் ஏழு நாளில் ஒரு நாள் விடுப்பு வேண்டும் என்றும் கூறுகின்றன. வாரத்தின் ஆறு நாளும் ஒன்றரை ஷிப்ட் ஓடினால் 72 மணி நேரம் ஆகிவிடும். காலாண்டுக்கான ஓவர்டைம் உச்சவரம்பு 1948 சட்டத்தில் பொதுவாக 50 மணி நேரமாக இருந்தது. நம் தொழிலாளியோ ஒரே மாதத்தில் 60 மணி நேரத்தை முடித்துவிடுகிறார். காலாண்டு வரம்பைப் பொறுத்தமட்டில், தணிக்கை நாளன்று மாநிலத்தில் அமலில் உள்ள விதியைக் கையில் வைத்துக்கொண்டுதான் உட்கார வேண்டும். பழைய சரிபார்ப்புப் பட்டியலை நம்பக்கூடாது.

இதை அப்படியே பதிவேட்டில் எழுதினால் பையரிடம் மாட்டிக்கொள்வோம் என்று நிர்வாகம் அஞ்சுகிறது. அதனால் முதல் 8 மணி நேரத்துக்கான கூலி பதிவேட்டில் ஏறி, ஈபிஎஃப், இஎஸ்ஐ பிடித்தம் போக வங்கிக் கணக்குக்குச் செல்கிறது. அரை ஷிப்ட்டுக் காசு சனிக்கிழமை மாலை கவரில் வருகிறது. இரட்டைக் கணக்கு பிறப்பது இப்படித்தான். 

முதற்படி: தேதியையும் எல்லையையும் முடிவு செய்தல்

செடெக்ஸ் அமைப்பின் ஸ்மெட்டா முறையாக இருந்தாலும், ஆம்ஃபோரி பிஎஸ்சிஐ ஆக இருந்தாலும், எஸ்ஏ 8000 சான்றிதழாக இருந்தாலும், தணிக்கைக் கட்டணத்தைப் பெரும்பாலும் தொழிற்சாலையே செலுத்துகிறது. இதன் விளைவை யாரும் விளக்க வேண்டியதில்லை. பையர் செய்யக்கூடியது தணிக்கை நிறுவனத்தைத் தானே தேர்ந்தெடுப்பதும், தேதியை முன்கூட்டிச் சொல்லாமல் இரண்டு மூன்று வார இடைவெளிக்குள் ஏதேனும் ஒரு நாள் என்று மட்டும் தெரிவிப்பதும். முற்றிலும் அறிவிக்காமல் போனால் கூலிப் பதிவேட்டைப் பூட்டி வைத்திருப்பவர் அன்று விடுப்பில் இருப்பார்; தேதியைச் சொல்லிவிட்டுப் போனால் பதிவேடு தயாராக இருக்கும். இடைப்பட்ட வழியே வேலை நேரத் தணிக்கைக்குப் பொருந்தும் என்பது என் கருத்து. அந்த இடைவெளியும் உச்ச உற்பத்திக் காலத்தில் அமைய வேண்டும். ஆர்டர் இல்லாத மாதத்தில் போய் ஓவர்டைம் தேடுவதில் பொருளில்லை.

ஸ்மெட்டா முறையில் நீண்ட காலமாக வழங்கிவரும் அட்டவணைப்படி 101 முதல் 500 பேர் வரை உள்ள யூனிட்டுக்கு ஆடிட்டர் ஒருவரின் இரண்டு நாள் வேலையும், 26 தொழிலாளர்களுடன் நேர்காணலும் ஒதுக்கப்படுகின்றன. 26 பேர் என்பது குறைவு. அதனால் யாரைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதே எல்லாம். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் இருக்கும் யூனிட்டுக்குத் தமிழ் மட்டும் தெரிந்த ஆடிட்டரை அனுப்பினால், எச்.ஆர். அதிகாரியே மொழிபெயர்ப்பாளராக வந்து அமர்வார். அத்தகைய நேர்காணலை நடத்தாமல் இருப்பதே மேல்.

இரண்டாம் படி: தளத்தைச் சுற்றிப் பார்த்தல்

தொடக்கக் கூட்டம் முடிந்ததும் பதிவேடுகளைக் கேட்டு மாநாட்டு அறையில் உட்காராமல், நேராக உற்பத்தித் தளத்துக்குச் செல்ல வேண்டும். அங்கே ஆடிட்டர் சேகரிப்பது குறைகளை மட்டுமன்று, பின்னால் ஒப்பிடுவதற்கான எண்களையும். எத்தனை தையல் இயந்திரங்கள் ஓடுகின்றன, ஓவர்லாக் எத்தனை, பேட்லாக் எத்தனை, எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், லைன் முனையில் உள்ள பலகையில் அன்றைய உற்பத்தி எவ்வளவு என்றெல்லாம் குறித்துக்கொள்ள வேண்டும். பலகையில் மணிக்கு மணி எழுதும் கட்டங்கள் மாலை ஐந்தரையோடு முடியாமல் இரவு ஒன்பதரை வரை நீண்டிருந்தால், அதை அப்போதே குறித்துக்கொள்வது நல்லது. மதியத்துக்குள் பலகை துடைக்கப்பட்டுவிடும்.

இந்தச் சுற்றில் கட்டாயம் பார்க்க வேண்டிய ஒன்று, உடைந்த ஊசிப் பதிவேடு. ஆடைக்குள் ஊசித் துண்டு தங்கிவிடக்கூடாது என்பதற்காகத் தரப் பிரிவு இதை வைத்திருக்கிறது. ஊசி உடைந்தால் தேதி, நேரம், இயந்திர எண் ஆகியவற்றை எழுதி, உடைந்த துண்டுகளைத் தாளில் ஒட்டிவிட்டுத்தான் புது ஊசி வாங்க முடியும். இதை எழுதுபவருக்குக் கூலிக் கணக்கைப் பற்றிக் கவலையில்லை. துண்டு காணாமல் போனால் தன் வேலைக்கு ஆபத்து என்பதே அவர் கவலை. அதனால் வருகைப் பதிவேட்டில் விடுமுறை என்று குறிக்கப்பட்ட ஞாயிற்றுக்கிழமையில், இந்தப் பதிவேடு இரவு 7.40-க்கு ஓவர்லாக் இயந்திரம் ஒன்றில் ஊசி உடைந்ததைச் சொல்லிக்கொண்டிருக்கும். சற்று அனுபவமுள்ள நிர்வாகங்கள் இதையும் இப்போது திருத்தி எழுதப் பழகிவிட்டன என்பது வேறு. அப்படி எழுதப்பட்ட பதிவேட்டில் எல்லாப் பக்கமும் ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில், மடிப்பும் எண்ணெய்க் கறையும் இல்லாமல் இருக்கும்.

மூன்றாம் படி: தொழிலாளர்களுடன் பேசுதல்

நேர்காணலுக்கு எச்.ஆர். தரும் பட்டியலை ஏற்கக்கூடாது. சுற்றிப் பார்க்கும்போதே இயந்திர எண்ணைக் குறித்துக்கொண்டு, பிரிவுக்குச் சிலராக, காண்ட்ராக்ட் ஆட்களும் புதிதாகச் சேர்ந்தவர்களும் விடுதியில் தங்கியிருப்பவர்களும் இடம்பெறும்படி ஆடிட்டரே தேர்ந்தெடுக்க வேண்டும். நேர்காணலுக்கான இடம் நிர்வாக அலுவலகத்துக்கு எதிரே இருக்கக்கூடாது.

ஓவர்டைம் உண்டா என்று கேட்டால் இல்லை என்ற பதில் உடனே வரும். அதைத்தான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். மாறாக, கேள்வி அன்றாட வாழ்க்கையைப் பற்றியதாக இருக்க வேண்டும். போன வெள்ளிக்கிழமை வீட்டுக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தீர்கள், அன்று வேன் எத்தனை மணிக்குக் கிளம்பியது, இரவு டிபன் எங்கே சாப்பிட்டீர்கள், பிள்ளையைப் பள்ளியிலிருந்து யார் அழைத்து வந்தார்கள், சனிக்கிழமை கையில் எவ்வளவு கிடைத்தது என்று கேட்டால், பதில்களை ஒன்றோடொன்று பொருத்தி வேலை நேரத்தை எழுதிவிட முடியும். 26 பேரில் 20 பேர் ஒரே சொற்களில் ஒரே பதிலைச் சொன்னால், அதை உண்மை என்றோ பொய் என்றோ எழுதாமல், தொழிலாளர்கள் முன்கூட்டித் தயார்செய்யப்பட்டதாகத் தெரிகிறது என்று அறிக்கையில் தனியே பதிவுசெய்ய வேண்டும். அதுவே ஒரு கண்டறிதல்.

நேர்காணலின் எல்லையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கூலியைப் பற்றிப் பேசுபவர்கள் பாலியல் தொல்லையைப் பற்றியும் சங்கம் சேர்வதால் வரும் மிரட்டலைப் பற்றியும் அறிமுகமில்லாத ஆடிட்டரிடம் இருபது நிமிடத்தில் பேசமாட்டார்கள். 2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்து ஆடைத் தொழிற்சாலை ஒன்றின் இளம்பெண் தொழிலாளி கொல்லப்பட்டு, அங்கே பணியாற்றிய மேற்பார்வையாளர் மீது குற்றஞ்சாட்டப்பட்டபின்னரே, அந்தத் தொழிற்சாலையில் பெண்கள் பட்ட தொல்லைகள் வெளியே பேசப்பட்டன. அதன் தொடர்ச்சியாக 2022 ஏப்ரலில் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்டு காமன் லேபர் யூனியன், அந்தத் தொழிற்சாலையை நடத்திய ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ், பையரான எச் அண்ட் எம் உள்ளிட்டோர் கையெழுத்திட்டு உருவான திண்டுக்கல் ஒப்பந்தம், வருடாந்திரத் தணிக்கையை நம்பாமல், தொழிலாளர்களிலிருந்தே பயிற்சி பெற்ற கண்காணிப்பாளர்களைத் தளத்தில் வைத்தது. அவர்கள் எழுப்பிய புகாரைத் தீர்க்காவிட்டால் வணிக நடவடிக்கை எடுக்கப் பையர் அந்த ஒப்பந்தப்படி கட்டுப்பட்டிருந்தார். சங்கமோ இத்தகைய ஏற்பாடோ இல்லாத யூனிட்டில், தொல்லை குறித்த புகார் ஏதுமில்லை என்று தணிக்கை அறிக்கை கூறினால், புகார் தம்மிடம் வரவில்லை என்று மட்டுமே பையர் அதைப் படிக்க வேண்டும்.

கட்டடப் பாதுகாப்பும் இதே போன்றதுதான். கராச்சியின் அலி என்டர்பிரைசஸ் தொழிற்சாலை 2012 செப்டம்பரில் தீப்பற்றி 250-க்கும் மேற்பட்டோர் இறப்பதற்குச் சில வாரங்கள் முன்புதான் எஸ்ஏ 8000 சான்றிதழ் பெற்றிருந்தது. 2013 ஏப்ரல் 24 அன்று இடிந்து விழுந்து 1,100-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட வங்கதேசத்தின் ராணா பிளாசா கட்டடத்திலும் தணிக்கை நடந்த யூனிட்டுகள் இருந்தன. தூணின் வலுவைச் சொல்லக் கட்டடப் பொறியாளர் வேண்டும். தொழிலாளர் தணிக்கையாளரிடம் அதை எதிர்பார்க்கக்கூடாது.

நான்காம் படி: பதிவேடுகளை உற்பத்தியோடு பொருத்துதல்

இப்போது பதிவேடுகளுக்கு வருவோம். உச்ச மாதம் ஒன்று, மந்தமான மாதம் ஒன்று, நடப்பு மாதம் ஒன்று என்று மூன்று மாதங்களின் வருகை, கூலி விவரங்களை எடுப்பது வழக்கம். அவற்றை உடைந்த ஊசிப் பதிவேட்டோடும், வாயில் காவலரின் வாகனப் பதிவேட்டோடும், ஜெனரேட்டர் ஓடிய நேரக் குறிப்போடும், பையரின் க்யூசி ஆள் எழுதிய இன்லைன் பரிசோதனை அறிக்கையின் தேதிகளோடும் பொருத்திப் பார்க்க வேண்டும். பையோமெட்ரிக் கருவியிலிருந்து எக்செல் கோப்பாக எடுத்துத் தரும் வருகைப் பட்டியலை ஏற்காமல், கருவியில் பதிவான மூலத் தரவை நேரடியாகப் பார்க்கக் கேட்க வேண்டும். எல்லோரும் தினமும் 8.27-க்கும் 8.31-க்கும் இடையே உள்ளே வந்து 5.30-க்கு வெளியே போனதாக இருந்தால், அது மனிதர்களின் வருகை அன்று.

இவை எல்லாவற்றையும் விட வலுவான சோதனை ஒன்றுண்டு. அதைச் செய்பவர்கள் குறைவு. அது அனுப்பப்பட்ட ஆடைகளின் எண்ணிக்கையிலிருந்து பின்னோக்கிப் போவது. நம் யூனிட் உச்ச மாதத்தில் 1,60,000 டி-ஷர்ட் அனுப்பியிருக்கிறது. ஷிப்பிங் பில்களில் இந்த எண்ணை மாற்றி எழுத முடியாது. ஒரு டி-ஷர்ட்டைத் தைக்க நிர்ணயிக்கப்பட்ட நேரம், ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசரின் விலைக் கணக்கின்படி 6 நிமிடம். ஆக மொத்தம் 16,000 மணி நேரத் தையல் வேலை தேவை. 100 டெய்லர்கள் 26 நாள், நாளொன்றுக்கு 8 மணி நேரம் உட்கார்ந்தால் 20,800 மணி நேரம் கிடைக்கும். ஆனால் எந்த லைனும் நூற்றுக்கு நூறு திறனில் ஓடுவதில்லை; யூனிட்டின் உற்பத்தி மேலாளரே தங்கள் திறன் 60 சதவீதம் என்கிறார். அப்படியானால் பயன்படும் நேரம் 12,480 மணி, அதில் தைக்கக்கூடியது 1,24,800 ஆடை. மீதி 35,200 ஆடைகள் எங்கே தைக்கப்பட்டன?

விடைகள் மூன்றே. திறன் உண்மையில் 77 சதவீதத்தை எட்டியிருக்க வேண்டும், அல்லது வேலை வெளியே கூலிக்குத் தைத்துத் தரும் சிறிய பவர்டேபிள் யூனிட்டுகளுக்குப் போயிருக்க வேண்டும், அல்லது பதிவேட்டில் இல்லாத நேரத்தில் வேலை நடந்திருக்க வேண்டும். நம் யூனிட்டில் ஒவ்வொருவரும் 15 அரை ஷிப்ட், அதாவது 60 மணி நேரம் கூடுதலாகப் பார்த்ததாகக் கொண்டு கணக்கிட்டால், 26,800 மணி நேரத்தில் 60 சதவீதத் திறனில் 1,60,800 ஆடைகள் வருகின்றன. நேர்காணலில் கேட்டதும் இதுவும் பொருந்திவிட்டன. இந்தக் கணக்கைத் தாளில் போட்டு உற்பத்தி மேலாளர் முன் அமைதியாக வைத்தால், பெரும்பாலான இடங்களில் அரை மணி நேரத்துக்குள் இன்னொரு பதிவேடு மேசைக்கு வந்துவிடும். மிரட்ட வேண்டிய தேவையில்லை.

ஐந்தாம் படி: கண்டறிந்ததை எழுதுதல்

வேலை நேரம் அதிகம் என்று ஒற்றை வரியில் எழுதப்பட்ட குறையைப் பின்தொடரவே முடியாது. எந்தப் பிரிவில், எந்த மாதத்தில், எத்தனை பேருக்கு, வாரத்துக்கு அதிகபட்சம் எத்தனை மணி, ஓவர்டைமுக்குக் கொடுக்கப்பட்டது எவ்வளவு, கொடுக்க வேண்டியது எவ்வளவு, எந்த ஆவணங்களிலிருந்து இது தெரிந்தது என்பவை அறிக்கையில் இருக்க வேண்டும். நேரம், கூலி, பதிவேட்டின் நம்பகத்தன்மை ஆகிய மூன்றையும் தனித்தனிக் குறைகளாகப் பிரித்து எழுதுவது நல்லது, ஏனெனில் அவை தீரும் காலம் வெவ்வேறு. தொழிலாளி சொன்னதை எழுதும்போது, பேட்லாக் பிரிவில் ஒரே பெண்தான் இருக்கிறார் என்றால் பேட்லாக் பெண் தொழிலாளி கூறினார் என்று எழுதுவது அவரைக் காட்டிக்கொடுப்பதற்குச் சமம்.

முடிவுக் கூட்டத்தில் திருத்தத் திட்டத்தில் நிர்வாகம் கையெழுத்திடும். காரணம் என்ற கட்டத்தில் விழிப்புணர்வு இன்மை என்று எழுத அனுமதிக்கக்கூடாது. இருமடங்கு தர வேண்டும் என்பது தெரியாத எச்.ஆர். அதிகாரி திருப்பூரில் இல்லை.

ஆறாம் படி: பையரின் முதல் பத்து நாள்

அறிக்கை வந்ததும் பையரின் முதல் கேள்வி, இந்தத் தொழிற்சாலையை விட்டு விலகுவதா என்பதாக இருக்கக்கூடாது. உண்மைக் கணக்கைக் காட்டிய யூனிட்டின் ஆர்டரை நிறுத்தினால், அடுத்த மாதமே அந்தச் செய்தி ஊர் முழுக்கப் பரவி, உண்மையைக் காட்டுவது நஷ்டம் என்று எல்லோரும் கற்றுக்கொள்வார்கள். கணக்கைத் திறந்து காட்டுபவர்களுக்குத் திருத்த அவகாசம் உண்டு, போலிப் பதிவேட்டை இரண்டாம் முறையும் நீட்டுபவர்களுக்கு இல்லை என்ற விதியை எழுத்தில் முன்பே கொடுத்திருக்க வேண்டும்.

இரண்டாவது வேலை சங்கடமானது. பையரின் கம்ப்ளையன்ஸ் பிரிவு தன் நிறுவனத்தின் ஆர்டர் கோப்புகளைத் திறந்து, ஒன்றரை ஷிப்ட் ஓடிய தேதிகளுக்கு அருகே அவற்றை வைத்துப் பார்க்க வேண்டும். நம் யூனிட்டில் பிரிண்ட் மாதிரிக்கு ஒப்புதல் தர வேண்டிய நாளுக்கு 9 நாள் கழித்தே பையரின் டிசைன் குழு ஒப்புதல் அனுப்பியிருந்தது. கப்பல் தேதி மட்டும் நகரவில்லை. தாமதமானால் விமானத்தில் அனுப்பும் செலவு தொழிற்சாலையின் தலையில் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. நிட்டிங், டையிங், காம்பாக்டிங், பிரிண்டிங் என்று நான்கு இடங்களுக்குப் போய்வரும் துணியில் 9 நாள் போனால், அதை ஈடுகட்டக்கூடிய ஒரே இடம் தையல் லைன்தான். 15 அரை ஷிப்ட்டில் 11 அந்த ஒப்புதலுக்குப் பிந்தைய இரண்டு வாரங்களில் விழுந்திருந்தால், திருத்தத் திட்டத்தின் ஒரு பகுதியில் பையரே கையெழுத்திட வேண்டும்: ஒப்புதல் எத்தனை நாள் தாமதமாகிறதோ அத்தனை நாள் கப்பல் தேதியும் தள்ளிப்போகும் என்று.

ஏழாம் படி: பாக்கித் தொகையைக் கொடுக்கச் செய்தல்

இனிமேல் சரியாகக் கொடுப்போம் என்ற உறுதிமொழியோடு பெரும்பாலான கூலிக் குறைகள் மூடப்படுகின்றன. உழைத்து முடித்தவர்களுக்கு அதனால் ஒரு பைசாவும் வராது. எத்தனை மாதத்துக்குப் பின்னோக்கிப் போவது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். நம்பகமான ஆவணம் இருக்கும் வரை என்பதே நேர்மையான அளவு. ஆறு மாதம் என்று கொண்டால் ஒருவருக்கு 21,600 ரூபாய், 160 பேருக்கு 34,56,000 ரூபாய். எல்லா மாதமும் உச்ச மாதமாக இருக்காது என்பதால், உண்மைத் தொகை ஒவ்வொருவருக்கும் தனித்தனியே கணக்கிடப்பட வேண்டும். பீஸ் ரேட்டுக்கு வேலை செய்தவர்களுக்கு, முந்தைய மாதத்தின் சராசரி நாள் வருமானத்திலிருந்து மணிக் கூலியைக் கண்டுபிடிக்க வேண்டும்.

இவ்வளவு பெரிய தொகையை யூனிட்டால் உடனே தர முடியாது என்ற வாதம் வரும், அது பல நேரங்களில் உண்மையும்கூட. மாதக் குறைவு 5,76,000 ரூபாயை 1,60,000 ஆடைகளால் வகுத்தால் ஓர் ஆடைக்கு 3 ரூபாய் 60 காசு. பையரின் கொள்முதல் பிரிவு விலை பேசும்போது எத்தனை ரூபாய் குறைத்தது என்பதற்குப் பக்கத்தில் இந்த எண்ணை வைத்துப் பார்த்தால், செலவை யார் எவ்வளவு ஏற்பது என்ற பேச்சு வேறு மாதிரி நடக்கும். இனிவரும் ஆர்டர்களின் விலையில் இருமடங்கு ஓவர்டைமும் தேவையான கூடுதல் ஆட்களின் கூலியும் சேர்ந்திருக்கின்றனவா என்று பார்க்காமல், திருத்தத் திட்டத்தை ஏற்பது வீண்.

எட்டாம் படி: உண்மையிலேயே தீர்ந்ததா என்று சரிபார்த்தல்

தீயணைப்புக் கருவியின் படத்தை மின்னஞ்சலில் பெற்று அந்தக் குறையை மூடலாம். கூலிக் குறையை அப்படி மூடக்கூடாது. மூன்று மாதம் கழித்து ஆடிட்டர் மறுபடியும் நேரில் செல்ல வேண்டும். பாக்கித் தொகை வங்கியில் ஏறியதற்கான பட்டியலைப் பார்த்தபின், அதில் சிலரைத் தொழிற்சாலைக்கு வெளியே தொலைபேசியில் அழைத்து, பணம் வந்ததா என்பதோடு, வந்த பணத்தில் எதையாவது திருப்பிக் கேட்டார்களா என்றும் விசாரிக்க வேண்டும். கணக்கில் ஏற்றிவிட்டு, மேஸ்திரி மூலம் பாதியை ரொக்கமாகத் திரும்ப வாங்கிக்கொள்ளும் பழக்கம் இருக்கிறது. வேலையை விட்டுப் போனவர்களின் பெயர்களும் பட்டியலில் இருக்க வேண்டும். நாலாயிரம், ஐயாயிரம் ரூபாய்க்காக ஒடிசாவிலிருந்து யாரும் திரும்பி வரமாட்டார்கள் என்று தெரிந்தே அவர்களை விட்டுவிடுவார்கள்.

பிறகு நான்காம் படியின் கணக்கை மறுபடியும் போட வேண்டும். பதிவேட்டில் ஓவர்டைம் வெகுவாகக் குறைந்திருக்கிறது, ஆடை எண்ணிக்கையோ 1,60,000-லேயே நிற்கிறது என்றால், டெய்லர்களின் எண்ணிக்கை கூடியிருக்கிறதா, திறன் உயர்ந்ததற்கு லைன் அமைப்பில் ஏதாவது மாற்றம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் வெட்டிய துணி வெளியே போகிறது. டெலிவரி சலான் புத்தகத்தில் தையல் வேலைக்கு என்று எழுதியிருக்காது. பிரிண்டிங், எம்ப்ராய்டரி, செக்கிங் என்று இருக்கும். பிரிண்ட் இல்லாத ஸ்டைலின் துணி பிரிண்டிங்குக்குப் போன சலானைக் கண்டுபிடிப்பது கடினமான வேலையல்ல, ஸ்டைல் எண்ணை ஆர்டரோடு ஒப்பிட்டாலே போதும். அந்த விலாசத்தில் இருக்கும் பவர்டேபிள் யூனிட்டைப் பற்றிப் பையரிடம் எந்தத் தகவலும் இருக்காது; அங்கே ஈபிஎஃப்பும் இருக்காது, இஎஸ்ஐயும் இருக்காது. ஒரு குறையைச் சரிசெய்யப் போய் அதைவிட மோசமான இடத்துக்கு வேலையைத் தள்ளிவிட்ட நிலை இது. அதிகம் நடப்பதும் இதுதான். அந்த யூனிட்டுக்குத் தடை விதிப்பதைவிட, அதன் பெயரைப் பட்டியலில் சேர்த்துத் தணிக்கைக்குள் கொண்டுவருவது தொழிலாளர்களுக்கு நல்லது.

நேரக் குறைப்பை ஒரே தாவலில் எதிர்பார்க்கக்கூடாது. 72 மணி நேரத்திலிருந்து மூன்று மாதத்தில் 66, ஆறு மாதத்தில் 60 என்று படிப்படியாக இறங்கும் திட்டத்தைப் பையர் எழுத்தில் ஏற்றுக்கொள்ளலாம். இருமடங்கு கூலியும் வார விடுப்பும் மட்டும் முதல் நாளிலிருந்தே நடைமுறைக்கு வர வேண்டும். ஓவர்டைம் குறைந்தால் சனிக்கிழமைக் கவரும் மெலியும் என்பதால் தொழிலாளர்களே முணுமுணுப்பார்கள், சிலர் பக்கத்து யூனிட்டுக்கும் போவார்கள். மணிக்கு இருமடங்கு கிடைக்கும்போது 30 மணி நேர ஓவர்டைம் பழைய 60 மணி நேரத்தின் காசையே தரும் என்பதை அவர்களின் கூலிச் சீட்டை வைத்தே விளக்கினால் இந்த எதிர்ப்பு பெருமளவு தணியும்.

ஒன்பதாம் படி: திருந்தாதபோது

இரண்டு முறை அவகாசம் கொடுத்தும் போலிப் பதிவேடு தொடர்ந்தால், முதலில் புதிய ஆர்டர்கள் நிறுத்தப்பட வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் ஆர்டர்களை ரத்து செய்யக்கூடாது, ஏனெனில் வாங்கிய துணிக்கும் செய்த வேலைக்கும் பணம் வராமல் போனால் முதலில் அடிபடுவது கூலிதான். அதே யூனிட்டில் வாங்கும் மற்ற பையர்களோடு சேர்ந்து ஒரே திருத்தத் திட்டத்தை வைத்தால், ஒருவரிடமிருந்து இன்னொருவரிடம் ஓடும் வழி அடைபடும். ராணா பிளாசாவுக்குப் பின் கட்டடப் பாதுகாப்புக்காக 2013-இல் வங்கதேசத்தில் உருவான அக்கார்டு ஒப்பந்தத்தின் பலம் இங்கேதான் இருந்தது: பரிசோதனை அறிக்கைகள் பொதுவில் வெளியிடப்பட்டன, திருத்த மறுத்த தொழிற்சாலையோடு கையெழுத்திட்ட எல்லாப் பையர்களும் வணிகத்தை முறிக்கக் கட்டுப்பட்டிருந்தனர், திருத்துவதற்கான பணம் கிடைக்க வழிசெய்யும் பொறுப்பும் அவர்களுக்கு இருந்தது.

கடைசியில் விலகத்தான் வேண்டும் என்றால், குறைந்தது ஒரு சீசனுக்கு முன் எழுத்தில் அறிவித்து, யூனிட்டின் மொத்த உற்பத்தியில் தங்கள் ஆர்டரின் பங்கு எவ்வளவு என்பதைக் கணக்கிட்டு, ஆர்டரைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். 420 பேரில் பாதிப் பேரின் வேலை ஒரே பையரை நம்பியிருந்தால், கடைசிக் கப்பலுக்கான பணத்தை விடுவிக்குமுன் பாக்கி ஓவர்டைம் தொகை, விடுப்புச் சம்பளம், பணிக்கொடை ஆகியவை தீர்க்கப்பட்டதற்கான வங்கிப் பட்டியலைக் கேட்டுப் பெற வேண்டும். கொடுக்க வேண்டிய பணம் பையரின் கையில் இருக்கும் வரைதான் அந்தப் பட்டியலைக் கேட்பதற்கு வலு உண்டு.